வினாடிக்கு ஒரு ஜூல்: ஹம்மிங்பறவை அந்தரத்தில் நிற்பது எப்படி?

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை ஊர்களில் ஆண்டு முழுவதும் பார்க்கக் கிடைக்கும் சின்னஞ்சிறு பறவை அன்னா ஹம்மிங்பறவை. எடை நாலரை கிராம் அளவுதான். குழல் வடிவப் பூ ஒன்றின் முன் வந்து, எதையும் பற்றிக்கொள்ளாமல் காற்றிலேயே நின்று, அலகை உள்ளே விட்டுத் தேனைக் குடிக்கிறது. பிறகு திரும்பிக்கூடப் பாராமல் அப்படியே பின்னோக்கி நகர்ந்து, அடுத்த பூவுக்குப் போகிறது. அது பூவின் முன் நிற்பது ஒரு வினாடியோ இரண்டு வினாடியோதான். அந்த ஒரு வினாடியில் சிறகு என்ன செய்கிறது, அதற்கு உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பறவையின் வாழ்க்கை புரியும்.

முதலில் ஒரு தெளிவு. ஹம்மிங்பறவைகளில் சுமார் 360 இனங்கள் உண்டு. அத்தனையும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. நம் வீட்டுச் செம்பருத்தியிலும் முருங்கையிலும் வந்து அமர்பவை தேன்சிட்டுகள்; அவை வேறு குடும்பம். தேன்சிட்டும் சில கணங்கள் காற்றில் படபடத்து நிற்கும். ஆனால் பெரும்பாலும் காம்பையோ கிளையையோ பற்றிக்கொண்டுதான் தேன் குடிக்கும்.

சாதாரணப் பறவை ஒன்று பறக்கும்போது, முன்னோக்கிப் போகும் வேகமே அதற்குப் பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது. விரித்த சிறகின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் மேல்நோக்கிய விசை கிடைக்கிறது. சிறகைக் கீழே அடிக்கும்போது அந்த விசை கூடுகிறது. மேலே தூக்கும்போது சிறகை மடக்கி, காற்று தடுக்காதபடி உருவிக்கொள்கிறது. மேலே தூக்கும் நேரத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வேகம் தாங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் கதையே மாறிவிடுகிறது. வேகம் இல்லை, சிறகின் மேல் தானாக ஓடிவரும் காற்றும் இல்லை. தேவையான காற்றோட்டம் முழுவதையும் சிறகு தன் அசைவாலேயே உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு அடிப்பிலும் பாதி நேரம் வீணானால், மீதிப் பாதியில் உடலின் முழு எடையையும் தூக்கியாக வேண்டும். புறா போன்ற பறவைகள் தரையிறங்கும்போது ஒரு கணம் இப்படி நிற்கும்; ஆனால் அதில் நீடிக்க அவற்றால் முடியாது.

ஹம்மிங்பறவை இந்தச் சிக்கலைத் தீர்த்த விதத்தை உங்கள் கையாலேயே செய்து பார்க்கலாம். உடலைச் சற்று நிமிர்த்தி, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும், கட்டைவிரல் பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். இப்போது கையை முன்னோக்கி வீசுங்கள். முன்னே வந்து நின்றதும், தோளிலிருந்து கையை முறுக்கி உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். அதே நிலையில் பின்னோக்கி வீசுங்கள். இரண்டு வீச்சிலும் கட்டைவிரல் பக்கம்தான் முதலில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. இரண்டு வீச்சிலும் கை காற்றைக் கீழே தள்ளுகிறது. கிணற்றிலோ குளத்திலோ நின்ற நீச்சல் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீருக்குள் கைகளை இரு பக்கமும் அலைத்து, ஒவ்வொரு முனையிலும் உள்ளங்கையின் சாய்வை மாற்றித்தானே தலையை மேலே வைத்திருக்கிறோம்!

இப்படி முன்னும் பின்னும் போகும்போது சிறகின் நுனி ஒரே கோட்டில் போய்வருவதில்லை. முன்னே போகும் பாதையும் பின்னே வரும் பாதையும் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. பக்கத்திலிருந்து படம் பிடித்துப் பார்த்தால், படுக்கவைத்த 8 என்ற எண் தெரிகிறது. பள்ளிப் புத்தகங்கள் முதல் தொலைக்காட்சி வரை எல்லாரும் சொல்லும் எட்டு இதுதான். ஆனால் பறவையைத் தாங்குவது அந்த எட்டு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எட்டு என்பது சிறகு நுனி விட்டுச்செல்லும் தடம். தாங்குவது, ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் சிறகு தலைகீழாகப் புரள்கிறதே, அந்தப் புரட்டல். அது இல்லாமல் நுனி எத்தனை அழகான எட்டைப் போட்டாலும் பறவை கீழே விழுந்துவிடும்.

அன்னா ஹம்மிங்பறவை அந்தரத்தில் நிற்கும்போது வினாடிக்கு 40 முறை அளவில் சிறகடிக்கிறது. அப்படியானால் வினாடிக்கு 80 முறை சிறகைப் புரட்டுகிறது. இதைத் தாங்கும்படி அதன் எலும்புகளே வேறு விதமாக அமைந்திருக்கின்றன. மேற்கை எலும்பும் முன்கை எலும்புகளும் மிகக் குட்டை. சிறகின் பெரும்பகுதி, நம்மில் மணிக்கட்டுக்கு அப்பால் இருக்கிறதே, அந்தக் கைப்பகுதிதான். அந்தக் குட்டையான மேற்கை எலும்பு தோள்மூட்டில் தன் அச்சிலேயே சுழல்கிறது. எலும்பு சிறிது சுழன்றாலே சிறகு நுனி பெரிய தூரம் வீசப்படுகிறது. அதனால் தசை சிறிதளவே சுருங்கினால் போதும். வேகமாகவும் சுருங்க முடிகிறது.

தசையிலும் ஒரு வேறுபாடு உண்டு. பறவைகளின் மார்பில், சிறகைக் கீழே இழுக்கும் பெரிய தசை வெளியே இருக்கிறது. அதன் அடியில் சிறகை மேலே தூக்கும் தசை இருக்கிறது. கோழியை வெட்டிச் சுத்தம் செய்பவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்திருப்பார்கள். அடியில் இருப்பது மெல்லியதாக, தனியே கழன்று வரும். பெரும்பாலான பறவைகளில் தூக்கும் தசை மிகச் சிறியது. ஹம்மிங்பறவையில் அது இழுக்கும் தசையின் பாதி எடை இருக்கும். பின்வீச்சும் வேலை செய்யும் வீச்சு என்பதற்கு உடலே தரும் சான்று இது.

அப்படியானால் முன்வீச்சும் பின்வீச்சும் சரிபாதியாக எடையைச் சுமக்கின்றனவா? நெடுங்காலம் அப்படித்தான் நம்பப்பட்டது. அந்தரத்தில் நிற்கும் பூச்சிகளை வைத்து எழுந்த ஊகம் அது. 1930களின் முடிவில் ஜெர்மனியில் ஸ்டோல்ப்பும் சிம்மரும் எடுத்த அதிவேகத் திரைப்படத்தில் சிறகு புரள்வது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் படத்தில் சிறகு தெரியுமே தவிர, காற்று தெரியாது. 2005இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வாரிக், டோபால்ஸ்கி, பவர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் காற்றையே கண்ணுக்குத் தெரியவைத்தார்கள். செம்பழுப்பு ஹம்மிங்பறவைகளை ஓர் அறைக்குள் இனிப்புநீர்க் குப்பியின் முன் பறக்கவிட்டு, அறையில் ஆலிவ் எண்ணெயின் மிக நுண்ணிய துளிகளைப் பனிபோலத் தூவினார்கள். மெல்லிய தகடு போன்ற லேசர் ஒளி அந்தத் துளிகளில் பட்டு மின்னியது. அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒவ்வொரு துளியும் எவ்வளவு நகர்ந்தது என்று கணித்து, ஒவ்வொரு வீச்சும் எவ்வளவு காற்றைக் கீழே தள்ளியது என்று கண்டார்கள். விடை: உடல் எடையில் சுமார் 75 சதவீதத்தை முன்வீச்சு தாங்குகிறது, பின்வீச்சு 25 சதவீதத்தைத் தாங்குகிறது.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம், ஹம்மிங்பறவை என்னதான் இருந்தாலும் ஒரு பறவை என்பதுதான். பூச்சியின் சிறகு ஏறக்குறைய தட்டையான சவ்வு. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒன்றுதான். பறவையின் சிறகிலோ எலும்பும் தசையும் இறகும் உண்டு. மேற்புறம் சற்றுப் புடைத்தும் அடிப்புறம் சற்றுக் குழிந்தும் இருக்கும். அந்த வளைவு முன்வீச்சுக்கு ஏற்றது. புரட்டிப் போட்டுப் பின்னே வீசும்போது வளைவு தவறான பக்கம் அமைந்துவிடுகிறது. ஆனாலும் மற்றப் பறவைகள் இழக்கும் வீச்சில் இது எடையின் கால் பங்கைத் தாங்கிவிடுகிறது. அந்தக் கால் பங்குதான் ஒரு கணப் படபடப்புக்கும் நாள் முழுவதும் பூவுக்குப் பூ நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் என்பது என் கருத்து.

இனி செலவுக்கு வருவோம்.

அந்தரத்தில் நிற்கும் ஹம்மிங்பறவை, உடலின் ஒவ்வொரு கிராமுக்கும் மணிக்கு 40 மில்லிலிட்டர் அளவில் ஆக்சிஜனை எரிக்கிறது. நாலரை கிராம் பறவைக்கு இது மணிக்கு 180 மில்லிலிட்டர். சர்க்கரையை எரிக்கும்போது ஒரு மில்லிலிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 21 ஜூல் ஆற்றல் கிடைக்கும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 3,800 ஜூல் அளவு. வினாடிக்குச் சுமார் ஒரு ஜூல். நினைவில் வைக்க எளிய எண். அதில் சிறகை அசைக்கும் வேலையாக மாறுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான்; மீதி வெப்பமாகிறது.

இப்போது வரவைப் பார்ப்போம். ஒரு பூவில் ஐந்து மைக்ரோலிட்டர் தேன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு மில்லிலிட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அந்தத் தேனில் 20 சதவீதம் சர்க்கரை என்றால், பூவில் இருப்பது ஒரு மில்லிகிராம் சர்க்கரை. அது எரிந்தால் சுமார் 16 ஜூல். பறவை பூவின் முன் ஒரு வினாடி நின்று குடித்தால் செலவு ஒரு ஜூல், வரவு பதினாறு. நல்ல லாபம்தான். ஆனால் பூ காலியாக இருந்தால் செலவு மட்டும் நிற்கும். மேலும், சிறகடிக்காமல் கிளையில் உட்கார்ந்திருந்தாலும் அந்தச் சிறிய உடலைச் சூடாக வைத்திருக்க எரிபொருள் வேண்டும். அன்னா ஹம்மிங்பறவையின் ஒரு நாள் மொத்தச் செலவு 32 கிலோஜூல் அளவென்று பவர்ஸும் நேகியும் 1980களில் அளந்தார்கள். நம் கணக்கில் அது இரண்டு கிராம் சர்க்கரை. நாம் எடுத்துக்கொண்ட பூக்களில் இரண்டாயிரம் பூ. குடிக்க வேண்டிய தேன் பத்து மில்லிலிட்டர், தன் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கு தெரிந்தால், அந்தப் பறவை பூக்களை ஏன் அத்தனை மூர்க்கமாகக் காவல் காக்கிறது என்பது விளங்கும். எந்தப் பூவை எப்போது காலி செய்தோம் என்றும் அது நினைவில் வைத்திருக்கிறது. கனடாவின் ராக்கி மலைப்பகுதியில் செம்பழுப்பு ஹம்மிங்பறவைகளுக்கு எட்டு செயற்கைப் பூக்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சில பூக்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் மற்றவற்றை இருபது நிமிடத்துக்கு ஒருமுறையும் நிரப்பினார்கள். பறவைகள் எந்தப் பூ எந்த வகை என்று கற்றுக்கொண்டு, அதனதன் நேரத்துக்கு ஏற்பத் திரும்பி வந்தன. காலிப் பூவின் முன் நிற்பது எவ்வளவு விலையுள்ள தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

குடித்த சர்க்கரை எவ்வளவு விரைவில் எரிகிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பான பகுதி. இதை கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வெல்ச், சுவாரெஸ் என்ற ஆய்வாளர்கள் ஓர் அருமையான உத்தியால் கண்டுபிடித்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நாம் தின்னும் கிழங்கு அல்ல, பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கிலிருந்தும் வெளிநாடுகளில் சர்க்கரை எடுப்பார்கள். கரும்புச் சர்க்கரையும் அதுவும் ருசியில் ஒன்றே. ஆனால் கரும்பு கார்பனைச் சேர்க்கும் முறை வேறு. அதனால் கரும்புச் சர்க்கரையில், கார்பனின் கனமான வகை சிறிது கூடுதலாக இருக்கும். ஆய்வாளர்கள் பறவைகளுக்குப் பல நாள் கிழங்குச் சர்க்கரையையே கொடுத்து வளர்த்தார்கள். பிறகு ஒரு காலை, கரும்புச் சர்க்கரைக்கு மாற்றினார்கள். பறவை குடிக்கும் குப்பியைச் சுற்றிப் பொருத்திய உறைக்குள் அதன் மூச்சுக் காற்றைப் பிடித்து, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் எந்தக் கார்பன் வருகிறது என்று பார்த்தார்கள்.

இரவு முழுவதும் உண்ணாத பறவை காலையில் முதலில் பறக்கும்போது எரிப்பது கொழுப்பு. மூச்சில் வெளியே போகும் கார்பன் டை ஆக்சைடை, உள்ளே போகும் ஆக்சிஜனால் வகுத்தால் 0.7 வருகிறது, கொழுப்பு எரிவதன் அடையாளம் அந்த எண். சர்க்கரைநீர் குடிக்கத் தொடங்கி அரைமணி ஆவதற்குள் அந்த எண் 1க்கு ஏறிவிடுகிறது. இப்போது எரிவது சர்க்கரை மட்டும். அதே நேரத்தில் மூச்சில் கரும்பின் கார்பனும் வந்துவிடுகிறது. அந்தரத்தில் நிற்பதற்கான எரிபொருளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், சற்று முன் குடித்த சர்க்கரையே என்று தெரிந்தது. ஓடிக்கொண்டே சர்க்கரைநீர் குடிக்கும் மனித ஓட்டவீரரிடம் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டுவது அரிது. மீதியை உடலில் சேர்த்துவைத்ததிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஹம்மிங்பறவை சர்க்கரையைச் சேர்த்துவைத்துப் பிறகு எடுக்கும் சுற்றுவழியைத் தவிர்த்துவிடுகிறது. பூவில் இருந்த சர்க்கரை, அடுத்த சில பத்து நிமிடங்களுக்குள் சிறகடிப்பாகிவிடுகிறது.

இந்த வேகத்துக்கு ரத்தத்தில் சர்க்கரை எப்போதும் நிறைந்து ஓட வேண்டும். உண்ணாமல் இருக்கும்போதே அதன் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவு சர்க்கரை இருக்கும். தேன் குடித்த பின் 700ஐத் தாண்டும். நம்மில் ஒருவருக்கு அந்த எண் வந்தால் உடனே மருத்துவமனையில் சேர்ப்பார்கள். தசையில் பறக்கும் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா, பறக்கும் தசையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் கொண்டுபோக, இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கிறது.

இந்த இயந்திரத்துக்கு எல்லை எங்கே? 1995இல் சாய், டட்லி என்ற இருவர் செம்மிடற்று ஹம்மிங்பறவைகளை மூடிய கூண்டில் பறக்கவிட்டு, உள்ளிருந்த காற்றை மெதுவாக ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவாக மாற்றினார்கள். மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனின் பங்கு மாறவில்லை. வாயு மட்டும் இலேசாகிக்கொண்டே போனது. இலேசான வாயுவில் சிறகுக்குப் பிடிமானம் குறைகிறது. பறவைகள் சிறகடிப்பின் வேகத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. வீச்சின் அகலத்தைக் கூட்டின. வீச்சு 180 பாகையை நெருங்கியபோது, அதாவது இரு சிறகின் நுனிகளும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று தொடும் நிலை வந்தபோது, அதற்கு மேல் விரிக்க இடமில்லை. பறவைகள் நிற்க முடியாமல் கீழே இறங்கின. சாதாரணக் காற்றில் அவற்றுக்குக் கணிசமான கையிருப்பு இருக்கிறது என்பதும், அந்தக் கையிருப்பு எங்கே தீர்கிறது என்பதும் ஒரே சோதனையில் தெரிந்தது.

இன்னொரு எல்லை இரவு. இருட்டில் பூவைத் தேட முடியாது, எரிதலோ நிற்காது. மாலையில் கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டாலும், குளிரும் பசியும் கூடிய இரவுகளில் அது போதாது. அப்போது பறவை உடல்வெப்பத்தை வேண்டுமென்றே இறக்கிவிட்டு, மரத்துப்போன ஓர் உறக்கத்துக்குள் போய்விடுகிறது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், பகலில் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் உடல், இரவில் 3 டிகிரியை ஒட்டி இறங்கியதை 2020இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அந்த நிலையில் பறவையைத் தொட்டாலும் அசையாது. சில சமயம் தலைகீழாகத் தொங்கும். செத்துவிட்டது என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது. விடியும் நேரத்தில் தசைகளை நடுக்கி நடுக்கித் தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு அது எழும்.

டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் வாழும் தமிழர்கள் பலர் தோட்டத்தில் ஹம்மிங்பறவைகளுக்காக இனிப்புநீர்க் குப்பி தொங்கவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று கரைத்து வையுங்கள். பூந்தேனின் அளவு ஏறக்குறைய அதுதான். தேன், வெல்லம், செயற்கை இனிப்பு, சிவப்புச் சாயம் எதுவும் சேர்க்க வேண்டாம். தேன் கலந்த நீர் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். செயற்கை இனிப்பில் எரிக்க ஒன்றுமே இல்லை. வெயில் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை குப்பியைக் கழுவி மாற்றுங்கள்.